கஸ்டமர் நிற்கும்போது யாரும் மெனு படிப்பதில்லை

மருந்துக்கடை பில்லிங் மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதுவது என் வேலை. நான் சேர்ந்தபோது ஏற்கனவே ஒரு கையேடு இருந்தது. முதல் அத்தியாயம் Sales மெனு, இரண்டாவது Stock மெனு, மூன்றாவது Accounts மெனு. மென்பொருளில் இருந்த ஒவ்வொரு பொத்தானுக்கும் அதில் விளக்கம் உண்டு, ஒரு பிழைகூடக் கிடையாது. ஆனாலும் கடைக்காரர்கள் போன் செய்துகொண்டேதான் இருந்தார்கள்.

போனில் வருகிற கேள்விகளை ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டேன். "சேல்ஸ் ரிட்டர்ன் என்றால் என்ன?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. "சார், கஸ்டமர் மூணு அட்டை வாங்கிட்டு ஒண்ணத் திருப்பிக் குடுக்கறாங்க. பில்லுல எப்படிக் கழிக்கறது?" இப்படித்தான் கேட்டார்கள். பழைய கையேட்டில் இதற்கான பதில் மூன்று அத்தியாயங்களில் சிதறிக் கிடந்தது. பில்லைத் திறப்பது ஒன்றில், பேட்ச் எண் பார்ப்பது இன்னொன்றில், கிரெடிட் நோட் மூன்றாவதில். கவுன்ட்டரில் நிற்கும் பையன் இந்த மூன்றையும் தானே தேடிக் கோர்க்க வேண்டும். அவசரத்தில் அவன் விடுவது பேட்ச் எண்ணைத்தான். அது தப்பினால், சீக்கிரம் காலாவதியாகப் போகும் அட்டை ஒன்று புது அட்டையின் பெயரில் ஸ்டாக்கில் போய் உட்கார்ந்துவிடும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

மெனு என்பது மென்பொருளைக் கட்டியவர்கள் தங்கள் வசதிக்குப் பிரித்த அறைகள். வேலை அந்த அறைகளுக்குள் அடங்காது, குறுக்கே ஓடும். 1980களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், சொற்செயலி கற்றுக்கொள்பவர்களை ஜான் கரோல் பக்கத்திலிருந்து கவனித்தார். விளக்கங்களைப் படித்து முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, நேராக வேலையில் இறங்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்து அவர் 1990இல் 'தி நூர்ன்பெர்க் ஃபனல்' என்ற புத்தகத்தை எழுதினார். கையேட்டை மனிதர்களின் வேலையிலிருந்து தொடங்கு என்பது அதன் சாரங்களில் ஒன்று.

அதனால் போன் கேள்விகளையே தலைப்புகளாக்கினேன். "வாங்கியதில் ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்தால்" என்ற பக்கம் இப்படி இருக்கும்:

பழைய பில்லும் மருந்து அட்டையும் கையில் இருக்கட்டும்.

1. Sales மெனுவில் Return-ஐ அழுத்தவும். பில் எண் கேட்கும் பெட்டி வரும்.
2. அந்தப் பெட்டியில் பில் எண்ணைத் தட்டி Enter அழுத்தவும். பில்லில் உள்ள மருந்துகள் வரிசையாக வரும்.
3. திரும்பி வந்த மருந்தின் வரியில் Batch எண்ணைப் பார்க்கவும். அட்டையில் வேறு எண் இருந்தால் இங்கேயே நிறுத்தவும், அது இந்தப் பில்லில் போன அட்டை அல்ல.
4. அதே வரியில், Qty கட்டத்தில் 1 என்று தட்டவும். திருப்பித் தர வேண்டிய தொகை கீழே வரும்.
5. திரையின் கீழே Save-ஐ அழுத்தவும். கிரெடிட் நோட் எண் வரும்.

ஒவ்வொரு படியும் ஒரே அச்சு: எங்கே, என்ன செய்ய வேண்டும், செய்ததும் என்ன தெரியும். அந்த மூன்றாவது பகுதியை வெட்டிவிட்டால் பக்கம் சின்னதாகும்தான். ஆனால் தப்பான இடத்தில் நிற்கிறோம் என்பது ஐந்தாவது படியில்தான் தெரியவரும்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு "இடத்தை முதலில் சொல்" என்று விதி போட வேண்டியிருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் அது தானாகவே அமைந்துவிடும். நம்முடைய சிக்கல் வினையெச்சம். "மெனுவுக்குச் சென்று, Return-ஐத் தேர்ந்தெடுத்து, எண்ணை உள்ளிட்டு, அளவை மாற்றிச் சேமிக்கவும்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம். இலக்கணம் சரி, ஆனால் உள்ளே ஐந்து வேலை. படிப்பவர் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாது. நான் விடுவது அதிகபட்சம் ஒரு எச்சம்தான், அதுவும் "தட்டி Enter அழுத்தவும்" மாதிரி கை நிற்காமல் செய்கிற இடத்தில் மட்டும். இன்னொன்று, அலுப்புத் தட்டக்கூடாதென்று ஒரு படியில் "சொடுக்கவும்", அடுத்ததில் "அழுத்தவும்", அப்புறம் "கிளிக் செய்யவும்" என்று மாற்றி எழுதுவது. கதையில் அது அழகாக இருக்கலாம். இங்கே, மூன்றும் வேறு வேறு செயலோ என்று படிப்பவர் தயங்குவார்.

பழைய அத்தியாயங்களை நான் தூக்கி எறியவில்லை. ஒரு கட்டத்தில் எத்தனை எழுத்து தட்டலாம், ஒரு எச்சரிக்கைக்கு என்ன அர்த்தம் என்று தேடுகிறவருக்கு வேலைப் பக்கங்கள் உதவாது. அவருக்கு மெனு வரிசையிலான அட்டவணைதான் வேண்டும். அது இப்போது கையேட்டின் பின்பாதியில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் மென்பொருளைப் பார்த்தே இராத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அவர் விரல் எந்தப் படியில் நின்று மேலே திரும்பிப் போகிறதோ, அந்தப் படிக்குள் இரண்டு வேலை இருக்கிறது என்று அர்த்தம். அல்லது, செய்ததும் என்ன தெரியும் என்று நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.