சுண்டுவிரல் புள்ளி

டீச்சர் பேச எழுந்தபோது கையில் தாள் எதுவும் இல்லை. சுவரோரம் எட்டு மிஷின்கள் உறை போட்டு நின்றன. மறுநாள் காலையில் பழைய இரும்புக் கடைக்காரர் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். கம்பத்தில் அந்த மாடி அறைக்கு ஏறி வந்த பழைய மாணவர்கள் நாற்பது பேர் இருப்போம். பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தோம்.

"ரொம்ப நேரம் பேச மாட்டேன். புள்ளியைப் பத்தி மட்டும் பேசிட்டு உட்காந்துர்றேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். புள்ளிக்காக அவரிடம் திட்டு வாங்காதவர் அந்த அறையில் யாரும் இல்லை.

நான் அங்கே சேர்ந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில். காலை ஆறு மணி பேட்ச். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் அம்மா கம்பம்மெட்டு ஏறும் நேரம், நான் இந்த மாடி ஏறுவேன். முதல் பாடம் 'யளனகபக'. இடது கை நான்கு விரலும் ய, ள, ன, க மேல் உட்கார வேண்டும். வலது கைக்கு த, ம, ட. கடைசியில் சுண்டுவிரலுக்குப் புள்ளி. கீழே பார்த்தால் டீச்சர் கைமேல் அட்டையை வைத்து மூடிவிடுவார்.

தமிழ் மிஷினில் புள்ளிக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற எழுத்தைத் தட்டினால் தாளைப் பிடித்திருக்கும் உருளை ஒரு இடம் நகரும். புள்ளியைத் தட்டினால் நகராது. எழுத்துக்கு மேலே உட்கார வேண்டிய குறி என்பதால் அதற்கென நகராத விசையாக வைத்திருக்கிறார்கள். தமிழுக்குத் தட்டச்சு மிஷின் வடிவமைத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா கண்ட வழி அது. அதனால் வரிசை தலைகீழ். 'ம்' வேண்டுமென்றால் வெறும் தாளில் முதலில் புள்ளியைத் தட்டணும், பிறகுதான் ம. வாய் சொல்வதற்கு முன்னால் விரல் அந்தப் புள்ளியை நினைத்திருக்க வேண்டும்.

எனக்கு அது மூன்று வாரம் வரவில்லை. 'கம்பம்' என்று அடிக்கச் சொன்னால் க, ம, புள்ளி, ப, ம, புள்ளி என்று பேசுகிற வரிசையில் அடிப்பேன். தாளில் 'கமப்ம' என்று விழும். கடைசிப் புள்ளி யாருக்கும் சொந்தமில்லாமல் வெற்றிடத்தில் தொங்கும். "சொந்த ஊர் பேரைக் கூட எழுத வராதாக்கும்?" என்பார் டீச்சர்.

வரிசை பழகிய பிறகு அடுத்த சிக்கல். புள்ளி மங்கலாக விழுந்தது. அடித்த தாளைத் திருப்பி அதன் முதுகை விரலால் தடவிப் பார்ப்பது டீச்சரின் பழக்கம். நல்ல அடி விழுந்த எழுத்து பின்பக்கம் மேடாகத் தெரியும். "ஆள்காட்டி விரல் சோறு தின்னுருக்கு. சுண்டுவிரல் பட்டினி" என்பார். தமிழில் ஒரு வரியில் எத்தனை புள்ளி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையையும் கையிலேயே பலமில்லாத விரல் அடிக்க வேண்டும். ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. வேகம் கூடும்போது முதலில் தளர்வது அந்தச் சுண்டுவிரல்தான்.

அன்றைக்கு டீச்சர் இதைத்தான் தொட்டார்.

"பிள்ளைகளா, உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். 1999ல தமிழ்99னு புது விசைப்பலகையை அரசாங்கம் அறிவிச்சுச்சு. அதுல புள்ளி எங்க தெரியுமா? இடது கை ஆள்காட்டி விரலுக்குக் கீழ. பலமான விரல். அதுலயும் பாதி நேரம் அடிக்கவே வேணாம். அ, ம, ம, ஆன்னு தட்டுனா 'அம்மா'ன்னு தானா புள்ளி வச்சுக்கிரும். கம்பத்துக்கு மிஷின்ல ஆறு தட்டு, அதுல அஞ்சு தட்டு. முதல் புள்ளி தானா விழுந்துரும், கடைசிப் புள்ளி மட்டும் நம்ம வைக்கணும். எழுத்தை அடிச்சப்புறம் புள்ளி, பேசுற வரிசையிலயே. நான் ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டப்பவே இதை உங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்கலாம். குடுக்கல. பரீட்சை பழைய மிஷின்ல. வேலைக்குக் கேக்குறது அந்த சர்டிபிகேட். ரெண்டையும் கத்துக்கிட்டா விரல் குழம்பிரும்னு பயந்தேன். கம்ப்யூட்டர்லயும் பழைய வரிசையவே போட்டுக் குடுத்தேன். எத்தனை சுண்டுவிரலை வீணா வருத்தினேனோ."

அறையில் சத்தமே இல்லை.

"அப்புறம் போன் வந்துச்சு. விரலை எழுத்துமேல வச்சுக்கிட்டு உட்காரணும்னுதான் உங்களுக்கு முதநாள் சொன்னேன். இதுல விரலை வச்சா எழுத்து விழுந்துருது. வைக்க முடியாத இடத்துல கண்ணை எடுக்க முடியாது. அதான் எல்லாரும் குனிஞ்சே கெடக்கோம். என் பேத்தி kambamனு இங்கிலீஷ்ல தட்டுறா, கம்பம்னு வருது. புள்ளிக்கு இப்ப எந்த விரலும் கெடையாது. சரி, நல்லதுதான். ஆனா மிஷின்ல பிழை விட்டா அசிங்கமாத் தெரியும். போன் விடுற பிழை அழகா இருக்கு. பள்ளின்னு நெனச்சு palliனு தட்டுனா பல்லி வரும். அதுவும் சரியான வார்த்தைதான. யார் திருத்துவா?"

அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததை நான் கவனித்தேன்.

இரண்டு வருஷம் முன்பு அப்பா போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு எங்கள் பேட்ச் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டேன். என் போனில் r தட்டினால் ர, பெரிய R தட்டினால்தான் ற. நான் சின்னதையே தட்டியிருக்கிறேன். 'அப்பா இரந்தார்' என்று போய்விட்டது. எண்பது பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. டீச்சர் வீட்டுக்கே வந்தார், காரியம் முடியும்வரை கூட இருந்தார். பதினாறாம் நாள் கழித்து ஒரு சாயங்காலம் போன் செய்து, "பாப்பா, அந்த மெசேஜை அழிச்சிரு. சின்ன ர போட்டா பிச்சை எடுத்தார்னு அர்த்தம். உங்கப்பா யார்கிட்டயும் கை நீட்டாத மனுஷன்" என்றார்.

அதற்குள் அழிக்கும் நேரம் கடந்துவிட்டது. எனக்கு மட்டும் அழித்தேன். மற்றவர்கள் போனில் அது அப்படியே இருக்கிறது.

மிஷினில் இந்தப் பிழையை நான் விட்டிருக்க முடியாது. அதில் ர வலது கை ஆள்காட்டி விரலுக்கு, ற இடது கை மோதிர விரலுக்கு. காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரண்டு எழுத்தும் வேறு வேறு கையில் இருந்தன. மூளை அழுதுகொண்டிருந்தாலும் கை மாறிப் போகாது. எது சின்ன ர, எது பெரிய ற என்று நான் இலக்கணத்தில் படித்ததைவிட விரலில் படித்ததுதான் அதிகம். சுண்டுவிரலை வருத்தியதற்கு டீச்சர் மன்னிப்புக் கேட்டார். மோதிர விரலுக்குக் கொடுத்ததை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பேசி முடித்ததும் டீக்கும் முறுக்குக்கும் கூட்டம் நகர்ந்தது. நான் மூன்றாம் மிஷினின் உறையை எடுத்தேன். ரிப்பன் காய்ந்திருந்தது, ஆனாலும் கொஞ்சம் மை மிச்சம். ஒரு தாளைச் சொருகி, கீழே பார்க்காமல் அப்பா பெயரையும் பக்கத்தில் 'இறந்தார்' என்பதையும் அடித்தேன். மோதிர விரல் தானாக மேலே போனது.

டீச்சர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. தாளை உருவி, படிக்காமல் திருப்பி, முதுகைத் தடவினார்.

"ற நல்லா விழுந்துருக்கு பாப்பா" என்றார். "புள்ளி ரெண்டும்தான் இன்னும் லேசா இருக்கு."