விட்டுப்போன நொடிகள்

எங்கள் லாத்தாவுக்குத் தூக்கம் பிடிக்காத இரவுகளில் படித்துக் காட்ட வீட்டில் ஒரு தாள் இருக்கிறது. ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்து மங்கிப்போனது. ‘தளர்வுப் பயிற்சி’ என்று தலைப்பு. எழுதியவர் பெயர் இல்லை. கையை இறுக்கு, விடு, தோளை இறுக்கு, விடு என்று போய், கடைசியில் மூச்சோடு சேர்த்து ‘சுப்ஹானல்லாஹ்’ சொல்லச் சொல்கிறது. அதனால் இதை யாரோ ஓர் ஆலிம்சா எழுதியிருக்க வேண்டும் என்பது உம்மாவின் கட்சி.

எனக்கு இடித்தது நடுவில் வரும் ‘உளவளத்துணையாளர்’. கீழக்கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கவுன்சிலர் என்போம். அது இலங்கைத் தமிழ். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்களும் ஊரில் உண்டு, மண்டபம் அகதி முகாமும் தூரமில்லை. தாள் எந்த வழியாக வந்தாலும் கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் தேடியபோது யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகள் கிடைத்தன. போரில் நொந்தவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தவற்றில் மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் மூன்றும் உண்டு. சொல்லை அவரவர் மார்க்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னார். இந்துவுக்கு ஓம், முஸ்லிமுக்கு சுப்ஹானல்லாஹ். எங்கள் தாளின் கடைசிப் பத்தி அப்படியே இந்த வழி. உம்மாவுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் இறுக்கி விடும் பகுதி அதைவிடப் பழையது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறை அது. அவருடைய பாடம் மாதக்கணக்கில் போகும். ஓர் அமர்வில் ஒரே ஒரு தசையோடு நிற்பார். இதமான குரலில் ‘கை கனக்கிறது’ என்று சொல்லி மயக்குவது அவருக்குப் பிடிக்காது. அந்தக் கனமும் வெதுவெதுப்பும் ஜெர்மானிய மருத்துவர் சுல்ட்ஸ் 1932இல் எழுதிய வேறொரு முறையிலிருந்து வந்தவை. எங்கள் தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கின்றன!

படித்துக் காட்டும் வடிவத்துக்கு நெருக்கமானது பெர்ன்ஸ்டைன், போர்கோவெக் இருவரும் 1973இல் வெளியிட்ட கையேடு. உடலை 16 தசைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 5 முதல் 7 நொடி இறுக்கி, 30 முதல் 40 நொடி விட்டுவைக்கச் சொல்கிறார்கள். பிறகு அதையே இன்னொரு முறை செய்து, இம்முறை 45 முதல் 60 நொடி ஓய்வு. ஒரு தொகுதிக்குக் கிட்டத்தட்ட 100 நொடி என்றால் எல்லாம் முடிய ஏறக்குறைய அரைமணி. எங்கள் தாளை நிறுத்தாமல் வாசித்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. சொற்கள் கடல் தாண்டின, நொடிகள் வழியில் உதிர்ந்துவிட்டன.

தமிழாக்கத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. ‘வலது கையை மூடி, இறுக்கத்தை உணர்ந்து, பின் மெதுவாகத் தளர்த்தி, அமைதியை அனுபவியுங்கள்’ என்று ஒரே வாக்கியம். எச்சங்களாக அடுக்கினால் கேட்பவருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. வாக்கியம் முடிவதற்குள் லாத்தா கையை மூடித் திறந்துவிட்டு அடுத்தது என்ன என்று காத்திருப்பார். ‘மெதுவாக’ என்பதும் தவறு. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் மெல்ல மெல்ல விடும்போது தசை இறுக்கத்திலேயே நீடிக்கும். கையேடு சொல்வது, சைகை கிடைத்ததும் சட்டென்று முழுதாக விட வேண்டும் என்று.

அதனால் அந்த வரியை உடைத்து எழுதினேன்:

வலது கை. (3 நொடி)
விரல்களை மடக்கி இறுக்குங்கள். (6 நொடி)
விடுங்கள். (35 நொடி)

உறுப்பின் பெயர் முதலில் தனியாக நின்றால் கவனம் அங்கே போய்ச் சேர நேரம் கிடைக்கிறது. இறுக்கும்போது குரல் சற்று உயர்ந்து வேகமாக இருக்கலாம். விட்ட பிறகு தணிய வேண்டும். 35 நொடி முழுவதும் பேசாமல் இருந்தால் சிலர் படித்தவர் எழுந்து போய்விட்டாரா என்று கண் திறந்து பார்க்கிறார்கள். அதற்கு நடுவில் ‘அப்படியே இருக்கட்டும்’ என்று ஒரு வரி போதும். தளர்ந்துவிட்டதா என்று கேட்டுப் பதில் வாங்கக் கூடாது, பேச வாயைத் திறந்தாலே தாடை இறுகிவிடும். வலது சுண்டுவிரலை லேசாகத் தூக்கச் சொல்வது கையேட்டின் வழி. பாதத்தை மட்டும் 5 நொடிக்குக் குறைவாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் குரக்கை பிடிக்கும். வலி உள்ள கழுத்தையும் மூட்டையும் இறுக்காமல் தாண்டிவிடலாம்.

சுப்ஹானல்லாஹ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ‘கை கனக்கிறது’ என்ற வரியை எடுத்துவிட்டேன். ஜேக்கப்சன் பக்கம்தான் எனக்கு நியாயம் படுகிறது. இப்படி ஒரு தாள் உங்களிடமும் இருந்து, யாருக்காவது பிரதி எடுத்துக் கொடுப்பதானால், அடைப்புக்குறிக்குள் நொடிகளையும் எழுதிக் கொடுங்கள்.