நாலு வரிக்குள் வறுமை

மூன்றாம் வருஷ லீவில் ஓர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். முதல் கிழமையே ஒரு வேலை வந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டு வருமான, செலவின அளவீட்டில் வறுமை பற்றிய பகுதியை வாசித்து, பணிப்பாளர் கூட்டத்துக்கு ஒரு ஸ்லைட் செய்ய வேண்டும். நாலு வரிக்கு மேல் போகக்கூடாது.

ஆர்ட்ஸ் பிள்ளைக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். ‘எனினும்’, ‘அடிப்படையில்’ என்று வந்த இடங்களை எல்லாம் வெட்டினேன். முதல் வரி இப்படி வந்தது: "வறுமை 2016இல் 4.1%, 2019இல் 14.3%. மூன்று மடங்குக்கு மேல் உயர்வு."

பக்கத்து மேசை அக்கா பார்த்துவிட்டுக் கேட்டா, "தங்கச்சி, ரெண்டும் ஒரே கோட்டால அளந்ததோ?"

திரும்பப் போய்ப் பார்த்தேன். நான் வெட்டி எறிந்த ‘அடிப்படையில்’ என்ற வாக்கியத்தில்தான் விஷயமே இருந்தது. 2016 கணக்கு பழைய வறுமைக்கோட்டில் எடுத்தது. 2019க்கு 2012/13ஐ அடிப்படை ஆண்டாக வைத்து கோட்டையே புதுசாகப் போட்டிருந்தார்கள். அளவுகோல் மாறினால் வறுமை ஏறியதா இறங்கியதா என்று இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லவே ஏலாது. வாக்கியம் சுருங்கியதில் இல்லாத ஒரு செய்தி பிறந்துவிட்டது.

பிறகு அக்கா ஒரு வழி சொல்லித்தந்தா. சுருக்கின ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேள்: யாரில், எப்ப, எதால அளந்தது? பதில் இல்லாத வரியை ஸ்லைடில் விடாதே. இடம் போதாவிட்டால் பெயரடைகளை வெட்டு, நிபந்தனையை வெட்டாதே.

அப்படிப் பார்த்தால் எனது இரண்டாவது வரியும் பிழை. "முல்லைத்தீவில் 44.5% வறுமை இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். அளவீடு 2019இல் நடந்தது. கொரோனாவுக்கும் 2022 நெருக்கடிக்கும் முந்தியது. ‘இருக்கிறது’ என்ற ஒரு சொல்லால் பழைய எண் இன்றைய நிலைமை ஆகிவிடும்.

கடைசியில் ஸ்லைடில் நின்றது இவ்வளவுதான்:

- 2019இல் 14.3% மக்கள் வறுமைக்கோட்டின் கீழ் (ஒருவருக்கு மாதம் ரூ. 6,966)
- மிகக் கூடியது முல்லைத்தீவு 44.5%, மிகக் குறைந்தது கொழும்பு 2.3%
- கோடு மாறியதால் 2016இன் 4.1% உடன் ஒப்பிட வேண்டாம்
- கொரோனாவுக்கு முந்திய நிலை

மூன்றாவது வரி அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுவோமா என்று கேட்டேன். அக்கா விடவில்லை. கூட்டத்தில் ஸ்லைட் வந்தவுடனேயே ஒரு பெரியவர் கேட்டார், "போனமுறை நாலு வீதம் எண்டல்லோ சொன்னவை?" அக்கா பேசாமல் மூன்றாவது வரியைக் காட்டினா.