பூச்சியத்துக்கு இடப்பக்கம்

எண்கோட்டில் ஏறுவரிசை என்பது இடமிருந்து வலமாகச் செல்வது. இரண்டு எண்களில் எது இடப்பக்கம் இருக்கிறதோ அதுதான் சிறியது. முழு எண், தசமம், பின்னம் எதுவானாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. ஆனால் மிகை எண்களோடு மட்டும் சில ஆண்டுகள் பழகிய மாணவர் மனதில் பதிந்திருப்பது வேறொரு விதி: பூச்சியத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பெரியது. பூச்சியத்துக்கு வலப்பக்கம் இரண்டு விதிகளும் ஒரே விடையைத் தருவதால், எந்த விதியை வைத்துக்கொண்டு ஒருவர் வரிசைப்படுத்துகிறார் என்பது வெளியே தெரிவதில்லை. குறை எண் வந்த கணத்தில் இரண்டும் பிரிந்துவிடும். −8, −6 இவற்றில் தள்ளி இருப்பது −8. இடப்பக்கம் இருப்பதும் அதுவே. பழைய விதி அதைப் பெரியது என்கிறது, எண்கோடு சிறியது என்கிறது.

இது பள்ளியோடு முடிந்துபோகும் குழப்பமல்ல. 2007-இல் பிரிட்டனில் ஒரு சுரண்டல் லாட்டரிச் சீட்டு வெளிவந்தது. சீட்டில் ஒரு வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கும். சுரண்டினால் அதைவிடக் குறைந்த வெப்பநிலை தெரிந்தால் பரிசு. −8-ஐவிடக் குறைந்தது வேண்டும் என்ற இடத்தில் −6, −7 எனத் தெரிந்தவர்கள் பரிசு விழுந்துவிட்டதாகக் கடைக்கு வந்தார்கள். குழப்பம் பெருகியதும் சீட்டையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 'குறைந்தது' என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் சிறிய இலக்கத்தைத் தேடினார்கள். வகுப்பில் குறை எண்ணுக்குக் கடனை உதாரணம் காட்டும்போதும் இதே வழுக்கல் உண்டு. எட்டாயிரம் கடன் ஆறாயிரம் கடனைவிடப் பெரியதுதானே என்று மாணவர் கேட்டால் அதில் தவறில்லை. கடன் பெரியது, கையிருப்பு சிறியது. எண்கோடு காட்டுவது கையிருப்பை. இதைச் சொல்லாமல் விட்டால் உதாரணமே தவறான விதிக்குச் சாட்சியாகிவிடும்.

முழுக்களில் இந்தப் பிழையைத் திருத்துவது எளிது. தசமமும் பின்னமும் கலந்து வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அப்போது ஒரு பிழையின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்கிறது. கீழ்க்கண்ட ஏழு எண்களை ஏறுவரிசையில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்:

−3/4, 0.6, −1.2, 5/8, −0.8, −1⅓, −0.08

முதல் வேலை பின்னங்களைத் தசமமாக்குவதல்ல. குறியைப் பார்த்து இரண்டாகப் பிரிப்பது. குறை எண்கள் ஐந்து, மிகை எண்கள் இரண்டு. எந்தக் குறை எண்ணும் எந்த மிகை எண்ணையும்விடச் சிறியது என்பதால் இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை. பலர் இதைச் செய்யாமல் ஏழையும் ஒன்றாக வைத்துக்கொண்டு 0.6-ஐயும் −0.8-ஐயும் ஒப்பிட்டு நேரத்தைக் கழிக்கிறார்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே தசமம் வசதி. 3/4 என்பது 0.75, 5/8 என்பது 0.625, 1⅓ என்பது 1.333... என்று முடியாமல் போவது. பின்னங்களைச் சுருக்கியபின் பகுதிகள் 2, 5 ஆகிய பகாக் காரணிகளால் மட்டும் ஆனவையாக இருந்தால் தசமம் முடிவு பெறும். 3, 7 போன்றவை புகுந்தால் சுழல் தசமம் வரும். எல்லாமே பின்னங்களாக இருந்து பகுதிகளும் சிறியவையாக இருந்தால் மீ.பொ.ம. எடுத்துப் பகுதியைச் சமமாக்குவதே சுருக்கமான வழி.

இப்போது குறை எண்களின் குறியைத் தற்காலிகமாக மறைத்து, அளவை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 1.333..., 1.2, 0.8, 0.75, 0.08 என வரும். குறியைத் திரும்பப் போட்டால் அதுவே ஏறுவரிசை. மிகை எண்களில் 0.6-க்குப் பின் 0.625. ஆக விடை: −1⅓, −1.2, −0.8, −3/4, −0.08, 0.6, 5/8. விடையில் எண்களைக் கேள்வியில் கொடுத்த வடிவத்திலேயே எழுத வேண்டும். மாற்றிய தசமங்களை அப்படியே விட்டுவிடுவது சிறிய குறை என்றாலும் தேர்வில் மதிப்பெண் போகும் இடம்.

இவற்றை எண்கோட்டில் குறிக்க −2 முதல் 1 வரை போதும். ஓர் அலகுக்கு 5 செ.மீ. எடுத்தால் கோடு 15 செ.மீ. நீளத்தில் நோட்டுப் பக்கத்துக்குள் அடங்கும். பத்தில் ஒரு பங்குக்கு 5 மி.மீ. கிடைக்கும். −0.8 பூச்சியத்திலிருந்து 4 செ.மீ. இடப்பக்கம், −3/4 அதே பக்கம் 3.75 செ.மீ. தொலைவில். இரண்டுக்கும் இடைவெளி 2.5 மி.மீ. மட்டுமே, அளவுகோலை இன்னும் சுருக்கினால் இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு எது முந்தியது என்பதே கண்ணுக்குத் தெரியாது. −0.08 பூச்சியத்தை ஒட்டி 4 மி.மீ.-இல் விழும். புள்ளிக்குப் பின்னுள்ள பூச்சியத்தைக் கவனிக்காமல் அதை −0.8-இன் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. அலகைப் பங்கிடுவதிலும் ஒரு வழக்கமான பிழை நடக்கும். நான்கு பங்காக்கச் சொன்னால் நடுவே நான்கு சிறு கோடுகள் போட்டுவிடுவார்கள், பங்கு ஐந்தாகிவிடும். எண்ண வேண்டியது கோடுகளை அல்ல, இடைவெளிகளை.

கலப்பு பின்னத்தில் நடக்கும் பிழை இதைவிட ஆழமானது. −1⅓-ஐக் குறிக்கச் சொன்னால், முதலில் −1-க்குப் போய், அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு வலப்பக்கம் நகர்ந்து புள்ளி வைப்பார்கள். புள்ளி −2/3-இல் விழும். −1.2-ஐயும் இப்படியே −1-க்கும் பூச்சியத்துக்கும் நடுவில் வைப்பார்கள். கழித்தல் குறி முழுப் பகுதிக்கு மட்டும் உரியது என்று படித்ததன் விளைவு இது. குறி எண் முழுவதற்கும் உரியது: −1⅓ என்றால் −(1 + ⅓), அதாவது −1-ஐத் தாண்டி இன்னும் இடப்பக்கம். பூச்சியத்திலிருந்து விலகிப் போய்க்கொண்டே எண்ணச் சொன்னால் இந்தப் பிழை குறையும். கலப்பு பின்னத்தை −4/3 என்று தகா பின்னமாக்கிவிட்டால் பிழைக்கு இடமே இருக்காது. வேடிக்கை என்னவென்றால், மாணவர் தவறாகப் படிக்கும் அதே எழுத்துமுறை மடக்கை அட்டவணையில் சரியான வழக்கமாக இருக்கிறது. 0.2-இன் மடக்கையை 1̄.3010 என்று 1-இன் தலைமேல் கோடிட்டு எழுதுவார்கள். அங்கே குறை முழுப் பகுதிக்கு மட்டும்தான். மதிப்பு −1 + 0.3010, அதாவது −0.6990. குறி தலைமேல் ஏறியிருப்பதே இந்த வேறுபாட்டைக் காட்டத்தான்.

இனி ஆசிரியரையே ஏமாற்றும் பிழைக்கு வருவோம். தசமங்களை ஒப்பிடும்போது புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை முழு எண்ணாகவே படிக்கும் பழக்கம் பரவலானது. 75 என்பது 8-ஐவிடப் பெரியது, ஆகவே 0.75 என்பது 0.8-ஐவிடப் பெரியது என்பது அந்தத் தர்க்கம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் தசம ஒப்பீட்டுப் பிழைகளை விரிவாக ஆராய்ந்தவர்கள். நீண்ட தசமம் பெரியது என்று நம்புவோர், குறுகிய தசமம் பெரியது என்று நம்புவோர் என இரண்டு எதிரெதிர் வகையினரையும் அவர்கள் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள்.

நீண்டது பெரியது என்று நம்பும் ஒரு மாணவியிடம் −0.8, −0.75 இரண்டையும் கொடுத்து எது பெரியது என்று கேட்டால் என்ன நடக்கும்? குறை எண்ணில் வரிசை திரும்பும் என்பதும் அவளுக்குத் தெரியாது என்று கொள்வோம். 75 பெரியது, ஆகவே −0.75 பெரியது என்பாள். விடை சரி! இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. பக்கத்து மாணவனுக்கு வரிசை திரும்புவது நன்றாகத் தெரியும், தசமத்தில் மட்டும் அதே பழக்கம். அவன் 75-தான் பெரியது, குறை எண் என்பதால் திருப்பிவிட வேண்டும் என்று யோசித்து −0.8 பெரியது என்பான். விடை தவறு. ஒரு பிழை உள்ளவனுக்குத் தவறும் இரண்டு பிழை உள்ளவளுக்குச் சரியும் விழுகிறது. நோட்டைத் திருத்துபவர் மாணவிக்குப் புரிந்துவிட்டது என்றும், மாணவனுக்குக் குறை எண் பிடிபடவில்லை என்றும் முடிவு கட்டுவார். இரண்டுமே தலைகீழ்.

இதைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதாது. இலக்க எண்ணிக்கை சமமாக உள்ள −0.8, −0.3 என்ற இணையைக் கொடுத்தால் தசமப் பழக்கம் குறுக்கிடாது, குறி பற்றிய பிழை மட்டும் தெரியும். 0.6, 0.625 என்ற இணையைப் பயன்படுத்தினால், நீண்டது பெரியது என்பவருக்கும் சரியான விடையே வரும். ஆகவே அது பயனற்ற கேள்வி. 0.8, 0.75 என்று கேட்டால்தான் அந்தப் பழக்கம் வெளிவரும். இந்த இரண்டிலும் தேறியவரிடம் மட்டுமே −0.8, −0.75 என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையை நம்பலாம்.

பின்னங்களில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சுழல் தசமத்தை இரண்டு இடங்களோடு நிறுத்தினால் −1/3-உம் −0.33-உம் ஒன்றாகத் தோன்றும். உண்மையில் −0.333... என்பது −0.33-க்கு இடப்பக்கம், அதாவது சிறியது. ஒப்பிடும் எண்ணைவிட ஓர் இடமாவது கூடுதலாக எழுத வேண்டும். இன்னொன்று குறுக்குப் பெருக்கல். −3/4, −7/9 இவற்றை ஒப்பிட −27, −28 எனப் பெருக்கி, −28 சிறியது என்பதால் −7/9 சிறியது என்று முடிவெடுக்கலாம். குறி தொகுதியில் இருக்கும்வரைதான் இது செல்லும். 3/(−4), 2/5 என்று குறி பகுதியில் இருக்கும்போது அப்படியே பெருக்கினால் 15, −8 எனக் கிடைத்து, குறை எண் மிகை எண்ணைவிடப் பெரியது என்ற அபத்தமான முடிவு வரும். பகுதியில் இருக்கும் குறியை முதலில் தொகுதிக்கு ஏற்றிவிட வேண்டும்.

எழுதி முடித்த வரிசையைச் சரிபார்க்க, குறிகளை விட்டுவிட்டு அளவுகளை மட்டும் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். பூச்சியம் வரை அவை இறங்கிக்கொண்டே வந்து, அதன்பின் ஏற வேண்டும். இது குறியால் வந்த பிழையைப் பிடிக்கும், இடமதிப்புப் பிழையைப் பிடிக்காது. அதற்கு அடுத்தடுத்த இரண்டு எண்களில் வலப்பக்கத்ததிலிருந்து இடப்பக்கத்ததைக் கழித்துப் பார்க்க வேண்டும். −0.75 − (−0.8) = 0.05, மிகை, வரிசை சரி. வகுப்பில் இதைவிடக் கூர்மையான சோதனை, −0.8-க்கும் −0.75-க்கும் நடுவே ஓர் எண் சொல்லச் சொல்வது. −0.78 என்றோ −0.76 என்றோ சொன்னால் எண்கோடு மனதில் இருக்கிறது. −0.82 என்று சொன்னால், −0.8-ஐத் தாண்டி வலப்பக்கம் போக இலக்கத்தைக் கூட்ட வேண்டும் என்ற பழைய விதியே இன்னும் வேலை செய்கிறது. அவரை மறுபடி −0.8, −0.3 என்ற இணைக்கு அழைத்துவர வேண்டும்.