திருவனந்தபுரத்துத் தண்ணியும் மச்சினியின் சடையும்

ஊரை விட்டு ஊர் வந்த தமிழனுக்கு முடி கொட்டினால் முதல் குற்றவாளி தண்ணிதான். துபாய்க்காரர் கடல் தண்ணியைச் சொல்வார், பெங்களூர்க்காரர் போர்வெல்லைச் சொல்வார். இங்கே திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் பக்கம் குடியிருக்கும் நம்ம மக்களும் அதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். கேட்டால் "இந்த ஊரு தண்ணி நம்ம தலைக்கு ஒத்துக்கலைங்க" என்பார்கள். நகரத்துக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் அருவிக்கரையிலிருந்து, கரமனை ஆற்றுத் தண்ணி. நம்ம ஊர் உப்புக் கிணற்றில் இருபது வருஷம் தலைக்குக் குளித்தவர்கள் இதைக் குறை சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

எங்கள் வீட்டிலும் அதே வழக்கு வந்தது. வாதி என் மச்சினி. தங்கமணியின் தங்கை, வயசு இருபத்தாறு, இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை, கழக்கூட்டத்தில் பேயிங் கெஸ்ட் ஜாகை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில் ஆஜர். ஏப்ரல் மாசம் ஒரு ஞாயிறு குளித்துவிட்டு வந்தவள், "அத்தான், இங்க பாருங்க" என்று உள்ளங்கையை நீட்டினாள். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு முடி உருண்டை. குளியலறைச் சல்லடையில் இன்னொன்று கிடந்தது. இடுப்பு வரைக்கும் தொங்கிய சடை, அதற்குப் போடும் ரப்பர் பேண்டை இப்போது ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறதாம்.

அதற்கு முன்பே அவள் செலவு பண்ண ஆரம்பித்திருந்தாள். ஷவரில் மாட்டும் ஃபில்டர், வெங்காய எண்ணெய், பயோட்டின் மாத்திரை. என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து ஃபோனில் "கண்ணு பட்டுட்டு" என்று முடித்துவிட்டார்.

தங்கமணி விடவில்லை, மே மாசம் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மலையாளி அம்மா, பாதித் தமிழ் பாதி மலையாளம். தலையைப் பார்ப்பதற்கு முன்னாடியே அவர் கேட்ட கேள்வி இது: "மூணு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சு? காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், டயட்?"

அக்காவும் தங்கையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மார்ச்சில் நிச்சயதார்த்தம் நடந்தது. அதற்காக ஜனவரி ஆரம்பத்திலிருந்து எட்டு வாரம் ஒரு டயட். காலையில் தேன் விட்ட கிரீன் டீ, பதினோரு மணிக்கு ஒரு ஆப்பிள், மத்தியானம் வெள்ளரிக்காய் தக்காளியும் ஒரு டம்ளர் மோரும், சாயங்காலம் ஒரு வாழைப்பழம், ராத்திரி ஒரு சப்பாத்தி, இல்லாவிட்டால் தண்ணியில் கரைத்த ஓட்ஸ். 68 கிலோவிலிருந்து 58. ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். நிச்சயதார்த்தம் முடிந்ததும் பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், முடியும் அப்போது ஒழுங்காகத்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்கு டயட் மேல் சந்தேகமே வரவில்லை. மொட்டை மாடியில் தொட்டி மாற்றியது ஏப்ரல், முடி கொட்டியதும் ஏப்ரல். பழி தண்ணி மேல்.

இந்த மூன்று மாச இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். முடி வேரில் இருக்கும் செல்கள் உடம்பிலேயே ரொம்ப வேகமாகப் பெருகுபவை, அதற்குத் தீனி நிறைய வேண்டும். சாப்பாடு திடீரென்று பாதிக்கும் கீழே போனால் உடம்பு சிக்கன நடவடிக்கை எடுக்கிறது. இதயத்தையும் மூளையையும் நிறுத்த முடியாது, முடியை நிறுத்தலாம். வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரிய பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போகிறது. போன உடனே விழாது. இரண்டு மூன்று மாசம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் மொத்தமாகக் கழன்று விழும். இதற்கு டீலோஜன் எஃப்லூவியம் என்று பேர் வைத்தவர் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்க தோல் மருத்துவர், 1961-ல். பட்டினி டயட் இருந்தவர்களுக்கு இப்படிக் கொட்டுவதை 1976-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். டயட் ஆரம்பித்து இரண்டிலிருந்து ஐந்து மாசத்துக்குள் கொட்டியது என்று அதில் இருக்கிறது. ஆக, மச்சினிக்கு நடந்தது புதுசு ஒன்றுமில்லை.

தண்ணியா டயட்டா என்று கண்டுபிடிக்க டாக்டர் ஒரு வழி சொன்னார், வீட்டிலேயே செய்யலாம். விழுந்த முடியை ஒரு வெள்ளைத் துணியில் போட்டு வேர் நுனியைப் பாருங்கள். ரவை மாதிரி சின்னதாய் ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு கழன்றது, காரணம் உடம்புக்குள்ளே. குமிழ் இல்லாமல், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. உப்புத் தண்ணியும் ஸ்ட்ரெய்ட்டனிங்கும் செய்வது இந்த இரண்டாவது வேலையை. மச்சினியின் முடியில் எல்லாம் குமிழ். டாக்டர் ஐம்பது அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெதுவாக இழுத்தும் பார்த்தார். ஐந்தாறு வந்தால் பெரிசாகக் கவலையில்லையாம், இவளுக்கு ஒன்பது வந்தது.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போது "பயோட்டினை ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு வா" என்றார். இது நிறையப் பேருக்குத் தெரியாத சமாசாரம். கூடுதல் டோஸ் பயோட்டின் சில லேப் முறைகளில் தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டும், இல்லாத தைராய்டுக்கு மருந்து சாப்பிட வேண்டி வரும். அந்தச் சத்து நம் சாப்பாட்டில் சாதாரணமாகக் குறைவதும் இல்லை. வெங்காய எண்ணெய்க்கு அவர் சிரித்ததோடு சரி.

தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 10.8. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. முடிக்கு ஃபெரிட்டின் எவ்வளவு வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, ஆனால் 15-க்குக் கீழே போனால் கஜானா காலி என்பதில் சண்டை இல்லை. மாசாமாசம் ரத்தம் போகிற பெண், எட்டு வாரம் வெள்ளரிக்காயில் ஓட்டினால் வேறென்ன ஆகும்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு மாத்திரை, எலுமிச்சம்பழ ஜூஸோடு. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ காபி கிடையாது. பிரியாணிக்குப் பின்னால் சுலைமானி குடிக்கிற பழக்கம் இங்கே வந்து தொற்றிக்கொண்டிருந்தது, அதுவும் கட். கட்டஞ்சாயா இரும்பை உள்ளே போக விடாது.

அப்புறம் சாப்பாடு. தங்கமணி பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள். அந்த எட்டு வாரமும் ஒரு நாளைக்குப் புரதம் 15 கிராமைத் தாண்டவில்லை. 55 கிலோ பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்வது 46 கிராம். இழந்ததைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பதால் இவளுக்கு டாக்டர் சொன்னது 60. இன்னொன்றும் சொன்னார், எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. பட்டினியைத் தொடர்ந்துகொண்டே மேலே புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடித்தால் அவ்வளவாகப் பிரயோஜனம் இல்லை. மொத்தச் சாப்பாடு குறைவாக இருந்தால் உடம்பு அந்தப் புரதத்தையும் விறகாக எரித்துவிடும், சோறும் வேண்டும்.

60 கிராமுக்கு இந்த ஊரில் கஷ்டமே இல்லை. காலையில் புட்டும் கடலைக் கறியும், கடலை காய்ந்த கணக்கில் 50 கிராம், இரண்டும் சேர்ந்து 13 கிராம் புரதம். இரண்டு முட்டைக்கு 12. மத்தியானம் சோறு, கூடவே மத்தி மீன் கறி. மத்தி என்றால் நம்ம சாளை, எலும்பு போக 100 கிராமுக்கு 20 கிராம் கிட்ட வரும். விலையும் கம்மி, நெய்மீனுக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுக்க வேண்டாம். சோற்றிலும் பருப்பிலும் ஒரு பத்து. ராத்திரி இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் சிறுபயறும். கூட்டிப் பாருங்கள், அறுபதைத் தாண்டிவிடும். மீன் சாப்பிடாதவர்கள் சுண்டல், பயறு, தயிர், வேர்க்கடலை, பனீரை இரண்டு மூன்று வேளைக்குப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஹாஸ்டலில் இருக்கும் பெண்களுக்கு ஒன்று. சாயங்காலம் கப்பையும் கட்டஞ்சாயாவுமாகவே பொழுது போகிறது. கப்பை என்ற மரவள்ளியில் மாவைத் தவிர அதிகம் எதுவும் இல்லை, 100 கிராமில் புரதம் ஒன்றரை கிராம் கூடத் தேறாது. மலையாளிகள் அதைப் பெரும்பாலும் மீன் கறியோடு சாப்பிடுவதைக் கவனியுங்கள். நம்மவர்கள் கப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிட்டார்கள்.

சரி, முடி என்ன ஆயிற்று? மாமியார் தினமும் ஃபோனில் கேட்டார். தினமும் எண்ணினால் பைத்தியம் பிடித்துவிடும், தலைக்குக் குளிக்கிற நாளில் கூடக் கொட்டும், குளிக்காத நாளில் குறையும். அதனால் தங்கமணி ஞாயிறு கணக்கு மட்டும் வைத்தாள். வாரத்துக்கு இரண்டு குளியல், அதில் ஞாயிற்றுக்கிழமைக் குளியலில் விழுவதை மட்டும் எண்ணுவது. மே மாசம் 300-க்கு மேல். ஜூன் முழுக்க ஒன்றும் குறையவில்லை, மச்சினி அழுதேவிட்டாள். அது அப்படித்தான். ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி எத்தனை முட்டை சாப்பிட்டாலும் விழுந்துதான் தீரும், அதற்கடியில் புதுசு முளைத்து வருகிறது. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் டாக்டரை மாற்றுகிறார்கள், அல்லது ஐயாயிரம் ரூபாய் சீரம் வாங்குகிறார்கள். ஜூலைக் கடைசியில் 180, ஆகஸ்டில் 90. ஃபெரிட்டின் 38.

ஆவணியில் கல்யாணம். சவுரி வைத்துத்தான் பின்னினார்கள், பூ வைத்த பிறகு யாருக்கும் தெரியவில்லை. பொங்கலுக்கு வந்தபோது நெற்றியோரம் ஆறு சென்டிமீட்டருக்குக் குட்டி முடிகள், எண்ணெய் தேய்த்தாலும் படியாமல் சிலும்பிக்கொண்டு நின்றன. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அவை இடுப்பைத் தொட ஐந்து வருஷமாவது ஆகும், அதைச் சுருக்க வழியில்லை.

எல்லா முடி உதிர்வும் இது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகிடு வருஷக்கணக்காக அகலமாகிக்கொண்டே போனால், காசு அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தால், தலையில் எரிச்சலோ தழும்போ இருந்தால், ஒழுங்காகச் சாப்பிட்டும் ஆறு மாசத்துக்கு மேல் கொட்டினால் அது வேற கேஸ். சிலருக்குப் பரம்பரையாக வர இருந்ததை டயட் முன்கூட்டியே வெளியே கொண்டுவந்துவிடும், அவர்களுக்கு முழுசும் திரும்பாது.

மச்சினி கடைசியாகப் போனபோது டாக்டரிடம் கேட்டாள், இன்னும் மூணு கிலோ குறைக்கணுமே என்று. (திருந்தவே மாட்டாள்!) குறைக்கலாம், வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம், 60 கிராமில் கை வைக்காதே, சோற்றிலும் பழம்பொரியிலும் கை வை என்றாராம். பழம்பொரியை விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று போன ஞாயிறு என்னிடம் புலம்பினாள்.