நாலு பாயின்ட் கணக்கு

எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தில் இருந்தது ஒரே ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை. வருடா வருடம் போட்டி நடக்கும், வருடா வருடம் ஒரே ஆள் கோப்பையை வாங்கிக்கொண்டு போவார். காலேஜ் நாட்களில் பெரிய போட்டிகளில் ஆடியவர் அவர். நாலைந்து வருடம் இப்படியே போனதும் பெயர் கொடுக்க ஆள் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து என்னை விளையாட்டுச் செயலாளராகப் போட்டார்கள். 1980-களின் நடுப்பகுதி அது. ஒரு கேம் 21 பாயின்ட் என்று இருந்த காலம்.

ஹேண்டிகேப் வைத்து நடத்தலாம் என்றேன். ஒவ்வொருவரையும் சாம்பியனோடு மூன்று கேம் ஆடவிட்டேன். அவர் 21 எடுப்பதற்குள் எதிராளி சராசரியாக எவ்வளவு எடுக்கிறார் என்று பார்த்து, குறைகிற பாயின்ட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. டைப்பிஸ்ட் பையன் 15 எடுத்தான், அவனுக்கு 6. தபால் அனுப்பும் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார், ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. அவர் 11 எடுத்தார், அவருக்கு 10. வேண்டுமென்றே மோசமாக ஆடிக் கூடுதலாக வாங்கப் பார்த்தவர்களும் உண்டு. மூன்று கேமிலும் வலையில் அடித்துக்கொண்டே இருப்பார்கள், ஆனால் வேகமாக வரும் பந்துக்கு மட்டும் கால் தானாகச் சரியான இடத்துக்குப் போய்விடும். கை பொய் சொல்லும், கால் சொல்லாது.

டியூஸ் கிடையாது என்றும் வைத்தேன். 20-20 வந்தபின் இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும் என்றால், அங்கே கொடுத்த சலுகையெல்லாம் தீர்ந்துபோய்விடும். பலசாலிதான் ஜெயிப்பார். எனவே முதலில் 21 தொட்டவர் வெற்றி. இதுவரை நான் செய்தது எல்லாம் சரி.

அரையிறுதியில் டைப்பிஸ்டும் பெரியவரும் மோத வேண்டி வந்தது. ஒருவருக்கு 6, இன்னொருவருக்கு 10. கழித்தால் நாலு. "பையன் சைபரிலிருந்து, நீங்க நாலிலிருந்து" என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை, எனக்கும்தான். ஆளுக்கொரு கேம் ஆகி, மூன்றாவது கேமில் 21-20 என்று பையன் ஜெயித்தான். பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். கேரம் போர்டு பக்கம் போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பேரும் சாம்பியனிடம் எடுத்தது 15-ம் 11-ம். அப்படியென்றால் அவர்கள் இருவரும் மோதும்போது பையன் 15 எடுக்கும் நேரத்தில் பெரியவர் 11 எடுப்பார் என்பது தோராயமான கணக்கு. ஆட்ட பாணியைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், அதை விடுங்கள். 6-10 என்று ஆரம்பித்திருந்தால் பையனுக்கு வேண்டியது 15, பெரியவருக்கு வேண்டியது 11. கச்சிதமாகச் சரி. நானோ 0-4 என்று ஆரம்பித்து, பையனை முழுசாக 21 வரை ஓடவிட்டேன். அவன் 21 எடுப்பதற்குள் பெரியவர் எடுக்கக்கூடியது 15-தான். என்னுடைய நாலையும் சேர்த்தால் 19. இரண்டு பாயின்ட் குறைகிறது! வேகமாக நடப்பவனும் மெதுவாக நடப்பவனும் சேர்ந்து கிளம்பினால், போகப் போக இடைவெளி வளரும் அல்லவா? ஓட்டத்தை நீட்டிவிட்டு இடைவெளியை மட்டும் அதே நாலாக வைத்திருந்தேன்.

பலசாலிக்கு மைனஸில் போட்டு ஆரம்பிப்பதிலும் இதே வம்புதான். பெரியவருக்குப் பத்து கொடுப்பதும், சாம்பியனை மைனஸ் பத்தில் நிறுத்துவதும் ஒன்று போலத் தெரியும். ஆனால் பெரியவர் தன் கையால் 21 எடுக்க வேண்டுமானால், அதற்குள் சாம்பியன் 40 எடுத்துவிடுவார். மைனஸ் 19 போட்டால்தான் நியாயம்.

திங்கட்கிழமை காலை ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கோடு போட்டுக் குறித்திருந்தோம். மூன்றாவது கேமில் பெரியவர் தன் பதினோராவது பாயின்ட்டை எடுத்தபோது பையன் எடுத்திருந்தது 14. 6-10 என்று ஆரம்பித்திருந்தால் அந்த இடத்தில் 21-20, பெரியவர் ஜெயித்து ஆட்டம் முடிந்திருக்கும்.

கமிட்டியில் சொன்னேன். இறுதிப் போட்டியும் முடிந்து கோப்பையும் கொடுத்தாயிற்று, கிளறாதீர்கள் என்றார்கள். அடுத்த வருடத்திலிருந்து கழிக்கக் கூடாது, அவரவர் பாயின்ட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வைத்தார்கள். அடுத்த வருடப் போட்டிக்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார்.

மத்தியானம் ஷீட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். தபால் தலைகளை ஈரப்படுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். கணக்கை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப சனிக்கிழமை நான் ஜெயிச்சிருக்கேன்னு சொல்றீங்க?"

"ஆமா சார். தப்பு என்னோடது."

அந்தக் காகிதத்தை வாங்கிக் கோடுகளை விரலால் எண்ணினார். பிறகு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கீழே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். வீட்ல காட்டணும்."