வாலிலிருந்து வாசிப்பது

டிஸ்சார்ஜ் சம்மரியில் வாய்க்குள் நுழையாத சொல் எதிர்ப்பட்டால் அதைக் கடைசியிலிருந்து படிப்பது என் வழக்கம். என்ன ஆயிற்று, என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வது பெரும்பாலும் சொல்லின் வால்தான். உடம்பில் எந்த இடம் என்பது தலைப்பக்கம் இருக்கும்.

அத்தைக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் மகன் தாளை என்னிடம் நீட்டினான். நோயின் பெயராக இரண்டு சொற்கள் இருந்தன: அக்யூட் கோலிசிஸ்டைட்டிஸ், கோலிடோகோலிதயாசிஸ். "நடுவுல சிஸ்ட்டுன்னு வருதே அண்ணா, கட்டி ஏதும் இருக்கா?" என்றான். சிஸ்ட் என்றால் கிரேக்கத்தில் பை, அவ்வளவுதான். முன்னால் நிற்கும் கோலி பித்தம். ஆக இரண்டும் சேர்ந்து பித்தப்பை. வாலில் உள்ள ஐட்டிஸ் அழற்சியைச் சொல்கிறது. அக்யூட் என்பதைப் பலரும் ‘முற்றிய நிலை’ என்று எடுத்துக்கொண்டு கலங்குவார்கள். திடீரென்று வந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். எவ்வளவு மோசம் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

இரண்டாவது சொல்லையும் இப்படியே பிரிக்கலாம். கோலிடோகோ என்பது பித்தக்குழாய். லித் கல். சிவகாசிக்காரர்களுக்கு இது பழகிய சொல்தான். லித்தோ அச்சு என்பதே கல்லில் எழுதி எடுத்த அச்சு. வாலில் வரும் இயாசிஸ் அப்படியொரு நிலை இருப்பதைக் குறிக்கிறது. ஆகப் பையில் மட்டுமல்ல, பித்தம் குடலுக்கு இறங்கும் குழாயிலும் கல் இருந்திருக்கிறது. அத்தைக்குக் கண் மஞ்சளானதற்கும் சிறுநீர் கறுத்துப் போனதற்கும் காரணம் அதுதான். கல் பையோடு நின்றிருந்தால் பெரும்பாலும் வலி மட்டும் வந்திருக்கும்.

அடுத்தது, செய்த சிகிச்சை. இங்கேதான் வாலைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘லேப்ராஸ்கோபிக் கோலிசிஸ்டெக்டமி’ என்று இருந்தது. எக்டமி என்று முடிந்தால் வெட்டி வெளியே எடுத்துவிட்டார்கள். அத்தைக்கு இனிப் பித்தப்பை இல்லை. ஆட்டமி என்றால் வெட்டித் திறந்தார்கள், உறுப்பு அங்கேயே இருக்கிறது. ஆஸ்டமி என்றால் ஒரு வாய் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனைத் தாங்க முடியாத முதியவர்களுக்குச் சில சமயம் பித்தப்பைக்குள் ஒரு குழாய் மட்டும் செருகிச் சீழை வடிப்பார்கள். அதன் பெயர் கோலிசிஸ்டாஸ்டமி. அவர்களுக்குப் பை உள்ளேதான் இருக்கிறது, மறுபடி தொல்லை தரலாம். காதில் ஏறக்குறைய ஒன்றாக விழும் இரண்டு சொற்கள், ஆனால் நோயாளியின் நிலைமை வேறு வேறு.

அதற்கு மேல் வரியில் ஈ.ஆர்.சி.பி. செய்ததாகவும், ஸ்பிங்க்டெராட்டமி செய்து கல்லை எடுத்ததாகவும் போட்டிருந்தது. ஸ்பிங்க்டர் என்பது வாயை இறுக்கி மூடும் தசை. வாலில் ஆட்டமி. குழாய் குடலில் திறக்கும் இடத்தில் அந்தத் தசையைக் கொஞ்சம் வெட்டி வழியை அகலமாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஈ.ஆர்.சி.பி.யை வேர் பார்த்துப் படித்தால் ஏமாந்துவிடுவோம். அதன் முழுப்பெயர் கிராஃபி என்று முடிகிறது, அதாவது படம் எடுப்பது. படம் பிடிக்கத் தொடங்கிய முறைக்கு வைத்த பெயர் அது. இன்று அதே முறையில் கல் எடுக்கிறார்கள், ஸ்டென்ட் வைக்கிறார்கள். பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஸ்டென்ட்டுக்கு வேர்ச்சொல் எதுவும் உதவாது. கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்கும் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்ற வரிக்கும் கீழே, ஆறு வாரம் கழித்து வந்து ஸ்டென்ட் எடுத்துக்கொள்ளவும் என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. புரியாத பெரிய சொற்களையே எல்லோரும் முறைத்துக்கொண்டிருந்தோம்.

"கல்லை எடுத்தாச்சுன்னாங்களே, இன்னும் உள்ள என்னப்பா கெடக்கு?" என்றார் அத்தை.

பித்தம் தடையில்லாமல் இறங்க வைத்த பிளாஸ்டிக் குழல் அது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, வாய் வழியாகவே எடுத்துவிடுவார்கள். அப்படியே விட்டால் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பித்தக்குழாயில் கிருமித் தொற்று வரும். அதற்குக் கோலாஞ்சைட்டிஸ் என்று பெயர். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள் என்று அது காட்டிக்கொடுக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குறித்த தேதிவரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், போகும்போது இந்தத் தாளையும் எடுத்துப் போக வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் காலண்டரில் ஆறாவது வாரத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.